நோட்டில் வந்த 1,600 வெள்ளி

நான் ரெமிசியர், அதாவது மற்றவர்களுக்குப் பங்கு வாங்கி விற்றுக்கொடுக்கும் தரகராக இருக்கிறேன். போன வருடம் லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தேக்கா காப்பிக்கடையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் வைத்தார். "ஆறு வாரம் பணம் போடாமல் நோட்டில் எழுதியே பேப்பர் டிரேடிங் செய்து பார்த்துட்டேன் அண்ணே. 30 டிரேடு, 19 லாபம், 11 நஷ்டம். இனி நிஜப் பணம் போடலாமா?"

அவருடைய முறை எளிமையானது. 31 காசுக்கும் 34 காசுக்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு பங்கு. 32 காசுக்கு 20,000 பங்கு வாங்குவது, 33க்கு விற்பது, 31க்கு இறங்கினால் நஷ்டத்தோடு வெளியேறுவது. ஜெயித்தால் 200 வெள்ளி, தோற்றால் 200 வெள்ளி. ஆக நோட்டில் நிகர லாபம் 1,600 வெள்ளி.

முதலில் செலவைக் கழித்தோம். அவர் பார்த்து வைத்திருந்த தரகு நிறுவனத்தில் வாங்கும்போதும் விற்கும்போதும் தலா குறைந்தது 10 வெள்ளி கமிஷன். சந்தைக் கட்டணங்களும் ஜிஎஸ்டியும் சேர்த்தால் வாங்கி விற்க சுமார் 27 வெள்ளி. 30 டிரேடுக்கு 810 வெள்ளி போக மிச்சம் 790. "பரவாயில்லையே" என்றார். எனக்கு உறுத்தியது வேறு.

சிங்கப்பூர்ச் சந்தையில் 20 காசிலிருந்து 1 வெள்ளிக்குள் இருக்கும் பங்குகள் அரைக் காசு அரைக் காசாகத்தான் நகரும். 32 காசில் அரைக் காசு என்பது ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல். அதனால் ஒவ்வொரு விலையிலும் பெரிய கியூ நிற்கும். அதே விலைக்கு முதலில் ஆர்டர் போட்டவருக்குத்தான் முதலில் பங்கு கிடைக்கும். நோட்டில் எழுதுகிறவருக்கு இந்தக் கியூ கிடையாது. திரையில் 32 என்று வந்தால் வாங்கிவிட்டதாக எழுதிவிடுவார்.

ஒரு நாளை எடுத்து விசாரித்தேன். அவர் ஆர்டர் போட்டதாக எழுதிய நேரத்தில் 32 காசில் வாங்க ஏற்கெனவே 480,000 பங்குகளுக்கு ஆர்டர் நின்றதைத் திரையோடு படம் பிடித்து வைத்திருந்தார். விலை திரும்பி ஏறுவதற்குள் 32இல் கைமாறியது 110,000 பங்குதான். அவர் முறை வந்தே இருக்காது. நோட்டில் அது 200 வெள்ளி லாபம்.

அப்புறம் 30 டிரேடையும் ஒரே கேள்வியால் பிரித்தோம்: வாங்கிய பிறகு விலை 31.5க்கு இறங்கியதா? இறங்கியிருந்தால் 32இல் நின்ற கியூ முழுவதும் தீர்ந்திருக்கும், அவருக்கும் கிடைத்திருக்கும். லாபம் வந்த 19இல் அப்படி இறங்கி ஏறியவை 12. மற்ற 7இலும் விலை 32ஐத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டது. நஷ்டம் 11ஐப் பாருங்கள். அவை 31 வரை போனவை, அதனால் ஒன்றுகூடத் தப்பாமல் எல்லாமே அவர் கையில் விழுந்திருக்கும். கியூவில் நிற்கிறவருக்கு நஷ்டம் நிச்சயமாகக் கிடைக்கும், லாபத்தில்தான் ஒரு பகுதி நழுவும்.

மிஞ்சியது 12 லாபம், 11 நஷ்டம். 200 வெள்ளி வரவு, 23 டிரேடுக்கு 621 வெள்ளி செலவு. 421 வெள்ளி கையை விட்டுப் போகிறது. 33இல் விற்கவும் இதே போலக் கியூ உண்டு; அதை நாங்கள் தொடவே இல்லை.

"கியூவில் நிற்காமல் 32.5 கொடுத்து உடனே வாங்கினால்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அப்போது ஜெயித்தால் 100, தோற்றால் 300. அதே 19க்கும் 11க்கும் 1,400 வெள்ளி நஷ்டம், கமிஷன் தனி.

இன்னொன்றும் கேட்டேன்: "இதற்கு முன்னால் வேறு முறை ஏதாவது பார்த்தீர்களா?" மூன்று முறைகளை நஷ்டம் என்று பாதியில் விட்டிருந்தார். நாணயத்தை 30 தடவை சுண்டினால் 19 அல்லது அதற்கு மேல் தலை விழப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. நான்கு நாணயங்களைச் சுண்டிப் பார்த்து நன்றாக விழுந்ததை மட்டும் காட்டினால், அது மூன்றில் ஒரு வாய்ப்பாகிவிடும். விட்ட முறைகளின் பக்கங்களைக் கிழிக்காமல் வைக்கச் சொன்னது அதனால்தான்.

இப்போது அவர் நோட்டில் இரண்டு பத்திகள் கூடியிருக்கின்றன. ஆர்டர் போட்ட நொடியில் முன்னால் நின்ற பங்குகள் எத்தனை, அதன் பிறகு அந்த விலையில் கைமாறியவை எத்தனை. முதலாவதோடு அவருடைய 20,000த்தையும் கூட்டி, இரண்டாவது அந்த எண்ணிக்கையை எட்டினால்தான் டிரேடு என்று எழுதுகிறார். முன்னால் நிற்பவர்கள் ஆர்டரை ரத்து செய்வதும் உண்டு, அதனால் இது கொஞ்சம் கறாரான கணக்கு. தவறுவதானால் கறாராக இருந்து தவறுவதே நல்லது என்பேன்.

நோட்டு சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, சில நாள் நிஜமாகவே 1,000 பங்குக்கு மட்டும் ஆர்டர் போடச் சொல்லியிருக்கிறேன். 320 வெள்ளிக்கு 10 வெள்ளி கமிஷன் என்பதால் லாபம் எதிர்பார்க்க முடியாது. நோட்டு "கிடைத்தது" என்ற நாளில் கணக்கிலும் கிடைத்ததா என்று மட்டும் டிக் அடித்து வருகிறார்.