பெருமந்தக் கேள்வியில் கிராஃபுக்கு எதற்கு மதிப்பெண்?

உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் காரணங்களைக் கேட்கும் கேள்வியோடு ஒரு கிராஃபையும் சேர்த்துக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. விடைத்தாள் கட்டைப் பிரித்துப் பார்த்தால், பாதிப் பேர் அந்தப் படத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பங்குச்சந்தை வீழ்ச்சி, வங்கிகள் மூடல், சுங்க வரி, அதிக உற்பத்தி என்று வரிசையாக எழுதி, கடைசியில் "இது படத்திலும் தெளிவாகத் தெரிகிறது" என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்கும் மதிப்பெண் விழுந்துவிடுகிறது. கிராஃபைப் படிப்பதற்கென்று ஒதுக்கிய மதிப்பெண் மனப்பாடத்துக்குப் போய்ச் சேருவது இப்படித்தான்.

கேள்வி தயாரிப்பவர்கள் தாளை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு காரியம் செய்யலாம். படத்தைக் கையால் மூடிக்கொண்டு விடைக்குறிப்பைப் படியுங்கள். படம் இல்லாமலே முழு மதிப்பெண்ணும் வாங்க முடியும் என்றால், அங்கே கிராஃப் வெறும் அலங்காரம்தான்.

ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன். 1929 முதல் 1933 வரையிலான உலக வணிகச் சுருக்கத்தைக் காட்டும் சிலந்திவலைப் படம் அது. 75 நாடுகளின் மாதாந்தர இறக்குமதி மதிப்பு, பன்னாட்டுச் சங்கம் தொகுத்த கணக்கு. பொருளியல் வரலாற்றாளர் சார்லஸ் கிண்டில்பர்கர் தன் நூலில் எடுத்தாண்டதால் உலகம் முழுக்கப் பாடநூல்களில் பரவியது. நடுவிலிருந்து பன்னிரண்டு ஆரங்கள், ஆரத்துக்கு ஒரு மாதம். கோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஓர் ஆண்டு முடியும். மையத்திலிருந்து கோடு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதுதான் அந்த மாத இறக்குமதியின் மதிப்பு. ஆண்டுக்கு ஆண்டு கோடு உள்ளே சுருண்டுகொண்டே போகும்.

ஜனவரி ஆரத்தை மட்டும் பாருங்கள். அலகு, மில்லியன் தங்க டாலர். 1929-ல் 2998, 1930-ல் 2739, 1931-ல் 1839, 1932-ல் 1206, 1933-ல் 992. நான்கு ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கிறது.

இதோடு வைக்கக்கூடிய கேள்வி இது: "படத்தையும் நீங்கள் படித்ததையும் கொண்டு, பெருமந்தம் உலகளாவியதாக ஆனதற்கு அமெரிக்கச் சுங்க வரி உயர்வு எந்த அளவுக்குக் காரணம் என்று ஆராய்க." 10 மதிப்பெண். நான் பிரிக்கும் விதம்: படத்தைச் சரியாகப் படிப்பதற்கு 3, படம் எதைச் சொல்லவில்லை என்று காட்டுவதற்கு 2, காரணங்களைக் கோத்து விளக்குவதற்கு 3, முடிவுக்கு 2.

முதல் 3-ல் என்ன எதிர்பார்க்கிறோம்? "வணிகம் குறைந்தது" என்று எழுதுவது படத்தைப் படித்ததாகாது, அது தலைப்பிலேயே இருக்கிறது. எண்ணை எடுத்திருக்க வேண்டும், அதை விகிதமாக மாற்றியிருக்க வேண்டும், எந்த ஆண்டில் வேகம் கூடியது என்று சொல்லியிருக்க வேண்டும். 1929-லிருந்து 1930-க்குள் சரிவு ஏறத்தாழ 9 சதவீதம்தான். அடுத்த ஆண்டில் 33, அதற்கடுத்த ஆண்டில் 34, கடைசி ஆண்டில் 18. இந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்த மாணவர்தான் படத்தைப் படித்தவர். அச்சில் எண் போடாமல் கோடு மட்டும் கொடுத்திருந்தால், 1839-ஐ 1800 என்றோ 1900 என்றோ எழுதினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறாகப் படித்த எண்ணை வைத்துச் சதவீதத்தைச் சரியாகப் போட்டிருந்தால், எண்ணுக்கு மட்டும் குறைத்துவிட்டுக் கணக்குக்கு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். ஒரே தவறுக்கு இரண்டு தடவை வெட்டக் கூடாது.

இங்கே வழக்கமாக நடக்கும் இரண்டு சறுக்கல்கள் உண்டு. ஒன்று, பக்கத்துப் பக்கத்து மாதங்களை ஒப்பிடுவது. 1929 பிப்ரவரியில் இறக்குமதி ஜனவரியைவிடக் குறைவு, ஏப்ரலிலோ ஜனவரியையும் தாண்டிவிட்டது. அது பருவத்தோடு வந்துபோகும் ஏற்ற இறக்கம், மந்தம் இல்லை. ஜனவரியை ஜனவரியோடு, ஜூனை ஜூனோடு ஒப்பிட வேண்டும். படத்தை வட்டமாக வரைந்ததே அதற்காகத்தான். இன்னொன்று, பரப்பைப் பார்த்து மயங்குவது. மையத்திலிருந்து தூரம் மூன்றில் ஒன்றானால், கோடு சுற்றி வளைக்கும் பரப்பு ஒன்பதில் ஒன்றாகிவிடும். "உலக வணிகமே ஏறத்தாழ நின்றுபோனது" என்று எழுதும் பிள்ளை சோம்பேறி இல்லை, கண் அப்படித்தான் சொல்கிறது. ஆரத்தில் இருக்கும் எண்ணை எடுக்கச் சொல்லிக் கேள்வியிலேயே கேட்டுவிட்டால் இந்தச் சிக்கல் குறையும்.

அடுத்த 2 மதிப்பெண்ணில்தான் நல்ல மாணவரும் சுமாரான மாணவரும் பிரிகிறார்கள். படம் காட்டுவது மதிப்பு, அளவு இல்லை. ஒரு மூட்டை கோதுமை பாதி விலைக்குப் போனால், மூட்டை குறையாமலே கோடு பாதிக்கு இறங்கிவிடும். உண்மையில் 1929-லிருந்து 1932-க்குள் உலக வணிகத்தின் அளவு கால் பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்தது. மதிப்போ 40 சதவீதத்துக்கு வந்துவிட்டது. 1929-ஐ 100 என்று வைத்து, அளவு ஏறத்தாழ 74, மதிப்பு 40 என்றால், விலை 54 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். அதாவது சரிவில் பெரும்பங்கு விலையுடையது. பர்மாவில் அன்றைக்கு இருந்த நம் ஆட்களிடம் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார்கள். நெல் விலை பாதியாக விழுந்ததும் விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்தது, 1937-ல் அது 25 சதவீதமாயிற்று. அவர்கள் நிலம் தேடிப் போகவில்லை, வராத கடனுக்கு நிலம் வந்து சேர்ந்தது.

"படம் மதிப்பைக் காட்டுகிறது, விலை வீழ்ச்சியும் இதில் கலந்திருக்கிறது" என்று ஒரு வாக்கியம் எழுதினாலே 2 மதிப்பெண்ணும் கொடுக்கலாம். 74-ம் 54-ம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இனி சுங்க வரிக்கு வருவோம். அமெரிக்கச் சுங்க வரியை உயர்த்திய ஸ்மூட்–ஹாலி சட்டத்தில் அதிபர் ஹூவர் கையெழுத்திட்டது 1930 ஜூன் 17. படத்தில் ஜூன் ஆரத்தைப் பாருங்கள். 1929 ஜூனில் 2790 அளவில் இருந்தது, 1930 ஜூனில் 2325 அளவுக்கு வந்துவிட்டது. சட்டம் வேலையைத் தொடங்கும் முன்பே ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. "சட்டம் வந்தது, அதனால் வணிகம் சரியத் தொடங்கியது" என்று எழுதியவரின் கூற்றைப் படமே மறுக்கிறது, அந்தக் கூற்றுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் "ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்ததைச் சட்டம் மோசமாக்கியது" என்று எழுதியவருக்குப் படம் இடம் கொடுக்கிறது. அந்த ஜூனுக்குப் பிறகு வேகம் கூடியது உண்மை, கனடாவும் ஸ்பெயினும் பதிலுக்கு வரி போட்டதும் உண்மை. இடம் கொடுக்கிறது என்பதற்காகப் படமே நிரூபித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே காலத்தில் வேறு பலதும் நடந்துகொண்டிருந்தன.

காரணத்துக்கான 3 மதிப்பெண்ணில் அந்த வேறு பலவற்றைத்தான் எதிர்பார்க்கிறேன், பட்டியலாக அல்ல, கோவையாக. 1928-ல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. வெளிநாட்டுக்குக் கடனாகப் போய்க்கொண்டிருந்த அமெரிக்கப் பணம் உள்ளூரிலேயே நின்றது, வால் ஸ்ட்ரீட் பக்கம் திரும்பியது. அந்தக் கடனை நம்பி இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடுகள் வாங்குவதைக் குறைத்தன. அமெரிக்கத் தொழில் உற்பத்தியே 1929 கோடையில், அக்டோபர் பங்குச்சந்தை வீழ்ச்சிக்கு முன்பே, இறங்கத் தொடங்கிவிட்டது. 1931 மே மாதம் வியன்னாவில் கிரெடிட்அன்ஸ்டால்ட் வங்கி ஆட்டம் கண்டது, செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டைத் தங்கத்திலிருந்து கழற்றிவிட்டது. படத்தில் 34 சதவீதச் சரிவு விழும் ஆண்டு இதுதான். இந்த இரண்டையும் இணைத்து எழுதிய விடையைப் பார்த்தால் எனக்குச் சிவப்புப் பேனா தானாகவே மேலே போகும்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. அமெரிக்க வரிகளில் பல, விலையில் இத்தனை சதவீதம் என்று இல்லாமல், ஒரு பவுண்டு எடைக்கு இத்தனை சென்ட், கேலனுக்கு இத்தனை சென்ட் என்று இருந்தன. பொருளின் விலை விழுந்தால் அதே சென்ட் விலையில் பெரிய பங்காகிவிடும். வரிக்குட்பட்ட இறக்குமதியின் மீது சராசரி வரி 1929-ல் 40 சதவீதம் அளவில் இருந்தது, 1932-ல் 60-ஐ நெருங்கியது. இந்த உயர்வில் ஒரு பகுதிக்குச் சட்டம் பொறுப்பு, மீதிக்கு விலை வீழ்ச்சி பொறுப்பு. அதாவது வரி மந்தத்தைக் கூட்டியது, மந்தமும் வரியைக் கூட்டியது. பள்ளி மாணவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. யாராவது எழுதினால், விடைக்குறிப்பில் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

முடிவுக்கான 2 மதிப்பெண்ணுக்கு ஆம், இல்லை இரண்டும் செல்லும். எந்த அளவுக்கு என்பதற்கு ஓர் அளவுகோல் காட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எளிதாகக் கிடைக்கும் அளவுகோல் ஒன்று: 1929-ல் அமெரிக்க ஏற்றுமதி அந்நாட்டு மொத்த உற்பத்தியில் 5 சதவீதம் அளவே. 1933-க்குள் மொத்த உற்பத்தி கால் பங்குக்கும் மேல் சுருங்கிவிட்டது. ஏற்றுமதி முழுக்க நின்றிருந்தாலும் நேரடியாக அந்தப் பள்ளம் விழுந்திருக்காது. ஏற்றுமதியை நம்பிப் பிழைத்த நாடுகளுக்கு இதே வாதம் பொருந்தாது என்று சேர்த்து எழுதினால் 2-ம் முழுசாகக் கொடுக்கலாம்.

அப்புறம், திருத்தும் மேசையில் அடிக்கடி தகராறு வரும் விடை ஒன்று. மாணவர் ஜனவரி எண்களைச் சரியாக எடுத்திருக்கிறார், சதவீதமும் சரி, பிறகு "எனவே ஸ்மூட்–ஹாலி சட்டமே முழுக் காரணம்" என்று முடிக்கிறார். முடிவு தவறு என்று மொத்தத்தையும் அடிப்பவர்கள் உண்டு, எண் சரி என்று 8 போடுபவர்களும் உண்டு. நான் போடுவது 4: படத்தைப் படித்ததற்கு 3, எண்களிலிருந்து ஒரு முடிவுக்கு வர முயன்றதற்கு 1. மதிப்பா அளவா என்று கேட்கவில்லை, ஜூன் ஆரத்தைப் பார்க்கவில்லை, வேறு காரணம் ஒன்றையும் தொடவில்லை. விடைத்தாள் திரும்பக் கிடைக்கும் பள்ளித் தேர்வு என்றால், ஓரத்தில் "1930 ஜூனுக்கு முன் என்ன நடந்தது?" என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.