தட்டைப்பயறு எதைக் குறைக்கும், எதைக் குறைக்காது

பச்சைத் தீவனத்தோடு கொஞ்சம் தட்டைப்பயறுச் செடியும் (சில ஊர்களில் காராமணி) போட்டால் கலப்புத் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மாடு வைத்திருப்பவர்கள் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எதை, எவ்வளவு குறைக்கலாம் என்று கணக்குப் போடாமல் கையை வைத்தால் சில நாளிலேயே பால் இறங்கிவிடும். அதனால் முதலில் கணக்கைப் பார்ப்போம்.

400 கிலோ எடையுள்ள ஒரு கலப்பினப் பசு, நாளுக்கு 10 லிட்டர் பால் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடம்பைக் காப்பாற்ற 300 கிராமுக்குச் சற்று மேலே, லிட்டருக்குச் சுமார் 90 கிராம் என்று கூட்டினால் அதற்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,200 கிராம் புரதம் வேண்டும். பச்சை மக்காச்சோளத் தட்டு 25 கிலோ போடுகிறோம். அதில் தண்ணீர் போக மிஞ்சுவது 5 கிலோதான், அதில் புரதம் 400 கிராம். வைக்கோல் 4 கிலோவில் 140 கிராம். வீட்டிலேயே அரைத்துக் கலந்த தீவனம் 4 கிலோவில் 800 கிராம். ஆக மொத்தம் 1,340. தேவை நிறைவேறுகிறது, ஆனால் ஒரு பெரும்பங்கு, கலப்புத் தீவனத்தில் சேர்க்கக் காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கிலிருந்து வருகிறது.

இப்போது மக்காச்சோளத் தட்டில் 9 கிலோவை எடுத்துவிட்டு 12 கிலோ பச்சைத் தட்டைப்பயறு போடுவோம். தட்டைப்பயறில் தண்ணீர் அதிகம் என்பதால் காய்ந்த எடைக்கு இரண்டும் சமம். ஆனால் எடுத்த தட்டில் இருந்த புரதம் 145 கிராம், போட்ட பயறில் இருப்பது 325 கிராம். கூடுதல் 180 கிராம். கடலைப் புண்ணாக்குக் கணக்கில் அது சுமார் 400 கிராம்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 180 கிராம் புரதம் என்பது ஒரு கிலோ கலப்புத் தீவனத்துக்குக் கொஞ்சம் குறைவு. சரி, ஒரு கிலோவை நிறுத்திவிடலாம் என்று நிறுத்திவிடுவார்கள். அந்த ஒரு கிலோவில் புரதம் மட்டுமா இருந்தது? சோளம், தவிடு தரும் மாவுச்சத்தும் இருந்தது. அதைத் தட்டைப்பயறு ஈடுகட்டாது. பயறு குறைப்பது புண்ணாக்கை மட்டும்தான். 400 கிராம் புண்ணாக்கை எடுத்த இடத்தில் அதே அளவு உடைத்த மக்காச்சோளத்தைப் போட வேண்டும். புண்ணாக்கைவிட அது மலிவு, லாபம் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. கம்பெனித் தீவனம் வாங்குகிறவர்களால் புண்ணாக்கைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. அவர்கள் ஒரு கிலோ குறைத்தால் முக்கால் கிலோவாவது தானியமாகத் திரும்பப் போட வேண்டும்.

காரணம் மாட்டின் அசையூண் வயிற்றில் இருக்கிறது. இளம் பயிரின் புரதத்தில் பெரும்பகுதி மாட்டுக்கு நேராகப் போவதில்லை. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் முதலில் அதை உடைத்து அமோனியாவாக்கி, அதிலிருந்து தங்கள் உடம்பை வளர்த்துக்கொள்கின்றன. அப்புறம் அந்த நுண்ணுயிரிகளே குடலுக்குப் போய்ச் செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன. அமோனியாவை உடம்பாக்க அவற்றுக்கு மாவுச்சத்து வேண்டும், அதுவும் அதே நேரத்தில். இல்லாவிட்டால் அமோனியா ரத்தத்தில் ஏறி, ஈரலில் யூரியாவாக மாறி, மூத்திரத்தில் போய்விடும். மறுபக்கம், வைக்கோல் மட்டுமே தின்னும் மாட்டுக்கு அமோனியா போதாமல் நுண்ணுயிரிகள் பட்டினி கிடக்கும், வைக்கோலும் மெதுவாகத்தான் செரிக்கும். அந்த மாட்டுக்குக் கொஞ்சம் பயறு போட்டாலே வைக்கோலைக் கூடுதலாகத் தின்னத் தொடங்கும்.

சரி, நிலத்துக்கு வருவோம். தீவனத் தட்டைப்பயறு விதைத்து 50 முதல் 55 நாளில் பாதிச் செடிகள் பூத்திருக்கும்போது வெட்ட வேண்டும். அதற்கு முன்னால் எடை இல்லை. பிஞ்சு பிடித்த பிறகு இலை உதிர்ந்து தண்டு முற்றுகிறது, புரதமோ இலையில்தான் அதிகம். ஆக, நல்ல தீவனமாக வெட்டுவதற்குக் கிடைக்கும் இடைவெளி பத்துப் பதினைந்து நாள்தான். அரை ஏக்கரை ஒரே நாளில் விதைத்தால் முதல் வாரம் இளசு, மூன்றாம் வாரம் வெறும் தண்டு. பாசன நிலத்தில் ஏக்கருக்குச் சுமார் 10 டன் பச்சை, அதாவது சென்ட்டுக்கு 100 கிலோ கிடைக்கும். இரண்டு மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோ என்றால் பதினைந்து நாளைக்கு நான்கு சென்ட் போதும். ஆகவே நான்கு சென்ட் பாத்திகளாகப் பிரித்து, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக விதைத்து வர வேண்டும். உழுவதிலிருந்து கடைசி வெட்டு வரை ஒரு பாத்தி 75 நாள் பிடிக்கும் என்பதால் ஐந்து பாத்தி தேவை. அதே அளவில் மக்காச்சோளத்துக்கும் ஐந்து. பயறு வெட்டிய பாத்தியில் அடுத்து மக்காச்சோளம், மக்காச்சோளம் வெட்டிய பாத்தியில் பயறு என்று மாற்றிக்கொண்டே போனால், மொத்தம் 40 சென்ட்டில் தண்ணீர் உள்ள வரை சக்கரம் நிற்காது. சென்ட்டுக்கு 160 கிலோ மக்காச்சோளம் வந்தால் இரண்டு மாட்டுக்கும் போகக் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.

விதை ஏக்கருக்கு 15 கிலோ, பாத்திக்கு 600 கிராம். வேர்முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, ஒரு அடி வரிசையில் ஊன்றலாம். யூரியாவை அள்ளிப் போடக் கூடாது. மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி வேர்முடிச்சு வைக்க மெனக்கெடாது. 30ஆம் நாள் ஒரு செடியைப் பிடுங்காமல் மண்வெட்டியால் வேரோடு எடுத்து, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரோஜா நிறமோ சிவப்போ இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து வருகிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் வேலை நடக்கவில்லை. தண்ணீர் தேங்கினாலும் இப்படி ஆகும்.

பயறு போட்டால் மண் வளமாகிவிடும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் அளந்து பார்க்க வேண்டும். ஏக்கருக்கு 10 டன் பச்சையில் இருக்கும் தழைச்சத்து சுமார் 43 கிலோ, 45 கிலோ மூட்டை யூரியா இரண்டுக்குச் சமம். ஆனால் அதை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டோமே! நிலத்தில் நிற்பது வேரும் கட்டையும்தான். அந்த இரண்டு மூட்டையில் ஒரு பங்கு பாலாகப் போக, மீதி சாணத்திலும் மூத்திரத்திலும் இருக்கிறது. மூத்திரத்தை வடிகாலில் விட்டுவிட்டு அடுத்த மக்காச்சோளத்துக்கு உரத்தைக் குறைத்தால் பயிர் வெளிறிப்போகும். கொட்டகையில் மூக்கைத் துளைக்கும் அந்த வாடையும் போய்க்கொண்டிருக்கும் தழைச்சத்துதான்.

குதிரை மசாலைப் பற்றியும் கேட்பார்கள். புரதம் தட்டைப்பயறைவிடக் கொஞ்சம் கூடுதல். கோவைப் பக்கத்தைப் போல வறண்ட காற்றும் தண்ணீர் தேங்காத மண்ணும் உள்ள இடத்தில் நன்றாக வரும். விதைத்து 75 நாளில் முதல் வெட்டு, அப்புறம் மாதத்துக்கு ஒன்று என மூன்று நான்கு வருடம் நிற்கும். ஆகவே அது இந்தப் பாத்திச் சக்கரத்தில் சேராது, தனி இடம் வேண்டும். விதையில் அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் களையின் விதை கலந்திருந்தால் மஞ்சள் நூலாகப் படர்ந்து தோட்டத்தையே தின்றுவிடும். தென்பட்ட உடனே அந்த இடத்துச் செடியோடு அறுத்து எரிக்க வேண்டும். செடி மெலிந்த பிறகு அதே இடத்தில் மறுபடி குதிரை மசாலையே விதைத்தால் முளைப்பு சரியாக வராது. பழைய செடி விட்டுப்போகும் பொருளே புது நாற்றைத் தடுக்கிறது. இடையில் ஒரு வருடமாவது சோளமோ மக்காச்சோளமோ போட வேண்டும்.

பச்சையில் போடும்போது ஒரு ஆபத்து உண்டு, குதிரை மசாலில் இன்னும் அதிகம். பனியோடு அறுத்து வெறும் வயிற்றில் நிறையப் போட்டால் வயிற்றில் நுரை கட்டி, இடது விலாவுக்குப் பின்னால் முரசு மாதிரி உப்பிக்கொள்ளும், மாடு மூச்சுத் திணறும். உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வராமல் தடுக்க, காலையில் முதலில் வைக்கோல் போட்டு, பயறை அறுத்து அரை நாள் வாட விட்டு, தட்டோடு சேர்த்து நறுக்கிப் போடுங்கள். புதிதாகத் தொடங்கும்போது 12 கிலோவை ஒரே நாளில் போடாமல், 2 கிலோவில் ஆரம்பித்துப் பத்து நாளில் ஏற்றுங்கள். புண்ணாக்கையும் அதே வேகத்தில்தான் இறக்க வேண்டும்.