அது கிருமி இல்லை, நஞ்சு

போன மாதம் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் கல்லீரல் புற்றுநோய் பற்றி ஒரு பேச்சு. கடலை போன்றவற்றில் வளரும் பூஞ்சை உண்டாக்கி, அந்த நோய்க்குக் காரணமாகும் நஞ்சை மருத்துவர் ஆங்கிலத்தில் அஃப்லாடாக்சின் என்றார். தமிழில் சொன்னவர் அதைப் ‘பூஞ்சைக் கிருமி’ ஆக்கினார். இதே சொல்லை இதற்கு முன்பும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று என் பக்கத்தில் இருந்த அம்மா, “கிருமிதானே தம்பி, கடலையை நல்லா வறுத்தா செத்துடும்” என்று நிம்மதியாகச் சொன்னார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அஃப்லாடாக்சின் என்ற சொல்லின் பிறப்பு எளிது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நிலக்கடலைப் பிண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. அந்தப் பூஞ்சைப் பெயரின் முதலெழுத்தான ‘அ’, அடுத்த சொல்லில் இருந்து ‘ஃப்லா’, கூடவே நஞ்சைக் குறிக்கும் ‘டாக்சின்’, அவ்வளவுதான்.

கிருமி என்றால் உயிருள்ளது, பெருகுவது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது. கொவிட் காலத்தில் கிருமி, கிருமித்தொற்று என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய நமக்கு வேறு பொருள் எப்படித் தோன்றும்? சூடு காட்டினால் கிருமி சாகும். அஃப்லாடாக்சின் உயிரே இல்லாத வேதிப்பொருள். பூஞ்சை அதை உண்டாக்கிக் கடலைக்குள் விட்டுவிடுகிறது. வறுத்தால் பூஞ்சை சாகும். நஞ்சு கொஞ்சம் குறையுமே தவிர அழியாது. வேகவைத்தாலும் அப்படியே. ஒரு சொல் தப்பானதால் அந்த அம்மா அடுப்பை நம்பிவிட்டார்.

இதைவிட மோசம், அஃப்லாடாக்சினை ‘நச்சுயிரி’ என்பது. அந்தச் சொல் வைரசுக்குப் புழக்கத்தில் இருக்கிறது. கல்லீரல் புற்றுநோய்க்கு ஹெப்படைட்டிஸ் பி வைரசும் பெரிய காரணம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், இந்த நோயில் கட்டாயம் தெரிய வேண்டியதே மறைந்துபோகிறது. ஷாங்ஹாயில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது, சிறுநீரில் அஃப்லாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து 3 மடங்குக்குச் சற்று மேல். ஹெப்படைட்டிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கோ ஏறக்குறைய 60 மடங்கு. வைரசும் நஞ்சும் தனித்தனியானவை என்று புரிந்தவருக்குத்தான் இந்தக் கணக்கு விளங்கும். வைரசுக்குத் தடுப்பூசி உண்டு; சிங்கப்பூரில் 1987 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுகிறார்கள். நஞ்சுக்குத் தடுப்பூசி கிடையாது. ‘நச்சுயிரி’ என்று படித்தவர், ஊசி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

தூய தமிழில்தான் வேண்டும் என்று ஃப்ளேவஸ் என்பதை அப்படியே பெயர்த்து ‘மஞ்சள் நஞ்சு’ என்று சொன்ன ஒரு நண்பரோடும் எனக்கு வாக்குவாதம். லத்தீனில் அதற்கு மஞ்சள் என்று பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் மஞ்சள் நிறம் பூஞ்சைக்குத்தான் பெயராக வந்தது, நஞ்சுக்கு அல்ல. போதாக்குறைக்கு, தேக்காவில் மஞ்சள்தூள் வாங்குகிறவர் இந்தச் சொல்லைக் கேட்டு என்ன நினைப்பார்? தமிழ்ச் சொல் ஆக்குவது என் விருப்பமும்தான். அதற்காகப் புரியாத சொல்லைத் தமிழ் என்று கொடுப்பதை ஏற்க மாட்டேன்.

சரி, எது பொருத்தம்? பொதுவாகப் பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சுகள் எல்லாவற்றுக்கும் ‘பூஞ்சை நஞ்சு’ போதும். அவற்றில் இது ஒரு வகை என்பதால், ‘அஃப்லா நஞ்சு’ என்பேன். அஃப்லா அதன் பெயர், நஞ்சு அதன் இனம். ‘கடலை நஞ்சு’ என்று சுருக்கக் கூடாது. மக்காச்சோளத்திலும் மிளகாயிலும் இது வரும்.

நஞ்சு என்று சொல்லிவிட்டால் மீதி அறிவுரையும் தானாகச் சரியாகிறது. கொல்வது பற்றிப் பேச்சே எழாது. ஒதுக்குவது பற்றித்தான் பேசுவோம். ஒரு மூட்டையில் சில பருப்புகளில் மட்டும் நஞ்சு மிக அதிகமாக இருக்கலாம், மற்றவை சுத்தமாக இருக்கலாம். அதனால்தான் சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பூத்தது எல்லாவற்றையும் வறுக்கும் முன்பே பொறுக்கி எறிய வேண்டும். பார்வைக்கு நன்றாக இருப்பதிலும் நஞ்சு இருக்கலாம். வாசனையும் காட்டிக்கொடுக்காது, பரிசோதனைக்கூடத்தில்தான் தெரியும். நம் ஊர் ஈரக்காற்றில் பிரித்த கடலைப் பையைத் திறந்தபடி வைக்காமல், இறுக மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். அது புதிதாகப் பூஞ்சை வளராமல் தடுக்கும். ஏற்கெனவே இருக்கும் நஞ்சைப் போக்காது.

பேச்சு முடிந்து வெளியே வரும்போது அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அப்போ நேத்து வறுத்ததுல பூத்திருந்ததை?” என்று கேட்டார். கொட்டிவிடச் சொன்னேன்.