கூந்தல் ஓரத்தில் மிஞ்சும் பழைய வானம்

ஐப்பசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு, ஆல்பம் வடிவமைக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்த ஜோடிப் படம். மழை மூட்டம், வானம் சலவை வேட்டி மாதிரி வெளுத்துக் கிடக்கு. சூரியன் மறையற வானத்தை எடுத்துப் பின்னால வெச்சேன். உடம்பு, துணி எல்லாம் சரியா உட்காருது. பொண்ணோட முடியைச் சுத்தி மட்டும் வெள்ளையா ஒரு கோடு. செலக்‌ஷனை எவ்வளவு நுணுக்கமா எடுத்தாலும் போக மாட்டேங்குது. எங்க தப்பு?”

செலக்‌ஷனில் தப்பில்லை. பழைய வானம் முடிக்குப் பின்னால் மட்டும் இல்லை, முடி தெரிகிற பிக்சலுக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு கூர்மையாக வெட்டினாலும் பிக்சலுக்குள் கத்தரி போகாது.

ஒரு சின்னக் கணக்கு. 24 மெகாபிக்சல் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் படத்தின் உயரம் 6000 பிக்சல். நிற்கும் ஜோடியும் தலைக்கு மேல் கொஞ்சம் வானமுமாக 3 மீட்டர் உயரம் சட்டத்துக்குள் வருகிறது என்று வைப்போம். அப்படியானால் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டரைப் பார்க்கிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். காற்றில் பறக்கும் ஒற்றை முடி அந்தப் பிக்சலில் ஏழில் ஒரு பங்கை மறைக்கிறது, மீதி ஆறு பங்கும் வானம். கேமரா இரண்டையும் கலந்து ஒரே எண்ணாகத்தான் எழுதும்.

முன்னால் இருக்கும் பொருள் மறைக்கும் இந்தப் பங்குக்கு ஆல்ஃபா என்று பெயர். இதை வைத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் கணக்கை 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். சூத்திரம் பள்ளிப் பாடத்தைத் தாண்டாது:

```
C = α·F + (1 − α)·B
```

C நமக்குக் கிடைத்த பிக்சல், F முடியின் நிறம், B பின்னணி வானம்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம். வெளுத்த வானத்தின் மதிப்பு 240 (0 கறுப்பு, 255 வெள்ளை), முடி 39. ஏழில் ஒரு பங்கு முடி உள்ள பிக்சல் 225 என்று பதிவாகும். (240-ஐயும் 39-ஐயும் நேராகக் கலந்து பார்த்தால் இந்த எண் வராது. ஒளி கலப்பது சென்சாரில். படத்தில் எழுதப்படும் எண்ணோ கண்ணுக்கு ஏற்றபடி வளைக்கப்பட்டது. அந்த வளைவைக் கழித்துக் கலந்து, மறுபடி வளைத்தால்தான் 225.) இனி ஆரஞ்சு வானம் வருகிறது. அதன் நீல அலைவரிசை 90 என்று வைத்துக்கொள்வோம், தகராறு பெரிதாகத் தெரிவது அங்கேதான். பிக்சலை அப்படியே வெட்டி ஒட்டினால் 90-க்கு நடுவில் 225 நிற்கும். அதுதான் அந்த வெள்ளைக் கோடு.

நண்பர் கேட்பார், “நான் வெட்டி ஒட்டலையே, ஏழில் ஒரு பங்குன்னு சரியா மாஸ்க் போட்டேனே?” போட்டாலும் பிரச்சினை தீராது. மாஸ்க் சரிதான், ஆனால் அதன் வழியாக வரும் நிறம் முடியின் 39 இல்லை, வானம் கலந்த 225. இதை ஏழில் ஒரு பங்கு மட்டும் எடுத்து ஆரஞ்சோடு கலந்தால் 122 வரும். நியாயமாக வரவேண்டியது 85. முடி என்பது வானத்தைவிட இருட்டாக இருக்கவேண்டிய இடம், வெளிச்சமாக இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் Select and Mask பலகையில் உள்ள Decontaminate Colors இந்த நிறக் கலப்படத்தை எடுக்கத்தான் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் முழு முடியின் நிறத்தை ஓரத்துக்கு இழுத்துப் பூசுகிறது. பல நேரம் பரவாயில்லை, சில நேரம் மை தீட்டியது போலாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு. அதில் முடிக்கு மாஸ்க்கே வேண்டாம்.

சூத்திரத்தை இன்னொரு முறை பாருங்கள். முடி கறுப்பு, அதாவது F ஏறக்குறைய பூஜ்யம். முதல் உறுப்பு விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது (1 − α)·B மட்டும். அதாவது அந்தப் பிக்சல், பழைய வானத்தில் எத்தனை பங்கு நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்கிறது. அதைப் பழைய வானத்தால் வகுத்துப் புது வானத்தால் பெருக்கினால், பழையது நீங்கிப் புதியது அதே பங்கில் உட்கார்ந்துவிடும். நம் பிக்சலுக்கு 225 ÷ 240 × 90 = 84. நியாயமான விடை 85. α எவ்வளவு என்று யாரும் கேட்கவே இல்லை! வகுத்தலும் பெருக்கலும் மட்டும் என்பதால், மேலே அடைப்புக்குறிக்குள் சொன்ன வளைவும் இங்கே பெரிதாகக் குழப்பம் செய்வதில்லை. இரண்டு ஸ்லைடு ஃபிலிம்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து விளக்குக்கு எதிரே பிடிப்பது போன்ற வேலை இது.

ஒரே படத்தை வைத்துக்கொண்டு F, α இரண்டையும் கண்டுபிடிக்கப் பொதுவாக வழியில்லை. தெரியாதவை நான்கு, சமன்பாடுகள் மூன்றுதான். முன்பொருளைப் பற்றி ஏதாவது ஒன்று முன்கூட்டியே தெரிந்தால் கணக்கு விடுபடும் என்று 1996-இல் ஆல்வி ரே ஸ்மித்தும் ஜேம்ஸ் பிளின்னும் காட்டினார்கள். அந்த ‘ஏதாவது ஒன்று’ நம் ஊரில் தலையிலேயே இருக்கிறது. வெளுத்த வானமும் கரிய கூந்தலும்! ஆல்பம்காரர்கள் சபிக்கிற அந்த மழை மூட்டம், முடியைப் பொறுத்தவரை ஸ்டுடியோத் திரைக்குச் சமம்.

செய்முறை இது. முடிக்குப் பக்கத்தில் உள்ள வானத்தின் நிறத்தை எடுத்து ஒரு லேயரில் நிரப்புங்கள், அதன் மோடு Divide. மூட்ட வானம் ஒரே சீராகத் தெரிந்தாலும் சீரானதல்ல. சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் மாதிரிப்படி, அது உச்சியில் அடிவானத்தைப் போல மூன்று மடங்கு வெளிச்சமானது. அதனால் ஒற்றை நிறத்துக்குப் பதில், மேலும் கீழும் வானத்தைத் தொட்டெடுத்து ஒரு கிரேடியன்ட் போடுவது நல்லது. இப்போது வானம் தூய வெள்ளையாகும், முடி கோட்டோவியமாய் நிற்கும். அதன்மேல் புது வானம், மோடு Multiply. முகமும் உடம்பும் இந்த இரண்டு லேயருக்கும் தப்ப ஒரு மாஸ்க் வேண்டும்தான். ஆனால் தலையில் அந்த மாஸ்க்கின் எல்லையை முடியோரத்தில் வைக்காதீர்கள். விரல் அகலம் உள்ளே தள்ளி, அடர்ந்த கறுப்புக்குள் மென்மையான பிரஷ்ஷால் வையுங்கள். கறுப்பை எதனால் பெருக்கினாலும் கறுப்பே, எல்லை எங்கே என்று உங்களுக்கே தெரியாது.

தோள், வேட்டி, சட்டை ஓரங்களுக்கு வழக்கமான கூர் மாஸ்க் போதும். மல்லிகைச் சரம்தான் வம்பு. பூ வெள்ளை, F பூஜ்யம் என்ற அடிப்படையே அங்கே இடிந்துவிடும். பெருக்கினால் ஆரஞ்சு மல்லிகை வரும். நல்லவேளையாக, பூவின் விளிம்பு முடியைப் போல இழைஇழையாகப் பிரிவதில்லை, தனியாகச் செதுக்கிவிடலாம். நரைத்த தாத்தா பாட்டிக்கும் இந்த வழி உதவாது.

இன்னொரு எதிரி, படம் எடுக்கும்போதே நேர்ந்துவிடுவது. முகம் தெளியவேண்டும் என்று எக்ஸ்போஷரை ஏற்றினால் வானம் 255-ஐத் தாண்டி வெடிக்கும். தாண்டியது எவ்வளவு என்று கேமரா எழுதாது. உண்மையான வானம் அந்த எல்லையைப் போல ஒன்றரை மடங்கு என்றால், ஏழில் ஒரு பங்கு மறைத்த பிறகும் எல்லைக்கு மேல்தான் நிற்கிறது. ஆக அந்த முடியும் 255. பிக்சலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக மறைத்த எந்த முடியும் படத்திலேயே இருக்காது. வானம் வகுபட்டு வெளுத்தபின் தலை வழவழவென்று ஹெல்மெட் மாதிரி தெரிந்தால் காரணம் இதுதான். ரா ஃபைல் இருந்தால் வெளிச்சப் பகுதியை இறக்கிப் பாருங்கள், சில முடிகள் திரும்பி வரும். ஜேபெக் மட்டும் இருந்தால் போனது போனதுதான்.

இவ்வளவும் செய்தபின் கோடு போய்விடும், ஆனாலும் ஜோடி ஒட்டவைத்தது போலத் தெரியலாம். சூரியன் பின்னால் இருக்கிறது, முடியோரம் மின்னவில்லையே! பெருக்கல் இருட்டாக்கும், மின்னவைக்காது. அந்த ஒளியை நாம்தான் கூட்டவேண்டும்.

என்ன நிறத்தில்? முடி இழையில் படும் ஒளியில் ஒரு பகுதி மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும், ஒரு பகுதி உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறும். 2003-இல் ஸ்டீவ் மார்ஷ்னரும் கூட்டாளிகளும் இதை அளந்து மாதிரியாக்கினார்கள். பொன்னிற முடியில் ஊடுருவி வரும் ஒளி முடியின் நிறத்தையும் வாங்கிக்கொண்டு தங்கமாய் ஒளிரும். கறுப்பு முடியில் உள்ளே போனதைப் பெரும்பாலும் மெலனின் விழுங்கிவிடும், மேற்பரப்பில் தெறித்தது மட்டுமே மிச்சம். நேராகப் படும்போது அது 5 சதவீதம்கூட இல்லை. ஆனால் சூரியன் பின்னால் இருந்தால் ஒளி இழையைச் சாய்வாக உரசிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது, உரசும் கோணத்தில் தெறிப்பு பல மடங்கு ஏறும். இப்படித் தெறித்த ஒளி முடியின் நிறத்தை வாங்காது, சூரியனின் நிறத்திலேயே இருக்கும். பொன்முடிப் பெண்ணை வைத்துச் செய்த பயிற்சி வீடியோவைப் பார்த்து நம் பெண்ணின் முடியோரத்தில் பழுப்பு பூசினால், மருதாணி போட்ட தலை மாதிரிதான் வரும். நிறத்தைப் புது வானத்தில் சூரியனுக்குப் பக்கத்திலிருந்து எடுங்கள். Screen மோடில் ஒரு லேயர், சூரியன் இருக்கும் பக்கத்து ஓரத்தில் மட்டும் மெல்லிய பிரஷ். அது முடிகளுக்கு இடையே உள்ள வானத்திலும் வழியுமே? வகுத்து வந்த அந்தக் கோட்டோவியத்தைத் தலைகீழாக்குங்கள். முடி வெள்ளை, வானம் கறுப்பு. ஒளி லேயருக்கு மாஸ்க் தயார்.

முகத்தையும் சேர்த்து ஆரஞ்சாக்குவது பலரும் செய்வது. சூரியன் முதுகுக்குப் பின்னால் என்றால் முகத்துக்கு ஒளி தருவது எதிர்ப்பக்க வானம், அது நீலச் சாயல் கொண்டது. முகம் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் குளிர்ந்திருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

ஒரு விஷயத்தை நண்பரிடம் சொல்லாமல் விட முடியாது: மாமல்லபுரத்தில் சூரியன் கடலில் மறையாது. அது வங்கக் கடல், கிழக்கு. விடியல் என்று சொல்லித் தப்பிக்கலாம். (ராகு காலம் பார்த்து அவுட்டோர் ஷூட்டுக்கு நேரம் குறிக்கிறார்கள். அதே பஞ்சாங்கத்தில் உதயமும் அஸ்தமனமும் நிமிடச் சுத்தமாகப் போட்டிருக்கிறதே, படத்துக்கு அதல்லவா முகூர்த்தம்!) நானாக இருந்தால் சூரியன் மறைந்த பிறகு கிழக்கில் தெரியும் வானத்தைத்தான் வைப்பேன். அடிவானத்தில் சாம்பல் நீலமாய்ப் பூமியின் நிழல், அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை. அந்த நேரத்து ஒளியும் மூட்டத்தைப் போலவே நிழலில்லாத மென்மையான ஒளி, மேற்கிலிருந்து முகத்தில் லேசான வெதுவெதுப்போடு விழும். அதனால் முகத்தில் நிறத்தைச் சற்றுத் திருப்பினால் போதும், முடியோரத்துக்கு மினுமினுப்பு எதுவும் பூசவேண்டியதில்லை.