சூரிய ஒளிக்கு வயது என்ன?

கல்லூரியில் இயற்பியல் நடத்துவதோடு, பொதுமக்களுக்குத் தொலைநோக்கி காட்டும் நிகழ்ச்சிகளுக்கும் போய்வருகிறேன். சூரியனைப் பற்றிப் பேசினால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இப்ப என் கண்ணுல படுற வெளிச்சம் ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி பிறந்ததாமே, நிஜமா சார்?" ஆரம்பத்தில் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். ஒரு மாணவி விடவில்லை. "அந்த ஆயிரம் எப்படி வந்துச்சு? ஒரு புத்தகத்துல 5,000னு இருக்கு, இன்னொண்ணுல ஒரு லட்சத்துக்கு மேல இருக்கு" என்றாள். பதில் சொல்ல வேண்டி கரும்பலகையில் கணக்குப் போட்டபோதுதான், இத்தனை நாள் பாதிப் பொய்யை ஆமோதித்து வந்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

கணக்கு எளிதானதுதான். சூரியனின் ஆரம் சுமார் 7 லட்சம் கிலோமீட்டர். தடையில்லாமல் போனால் ஒளி அதைக் கடக்க இரண்டேகால் வினாடி போதும். ஆனால் மையத்தில் பொருளின் அடர்த்தி தண்ணீரைப் போல 150 மடங்கு, வெப்பம் 1.5 கோடி டிகிரி. அந்தச் சூட்டில் அணுக்கள் உடைந்து, எலெக்ட்ரான்கள் தனித்தனியாக அலைகின்றன. அங்கே பிறக்கும் ஃபோட்டான் என்ற ஒளித்துகள், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் ஏதோ ஒரு எலெக்ட்ரானில் மோதித் திசை மாறிவிடும். வெளியே வர வர அடர்த்தி குறைவதால் இந்த இடைவெளி சில மில்லிமீட்டராக நீளும்.

மோதிய பிறகு எந்தப் பக்கம் திரும்பும்? எந்தப் பக்கமும் திரும்பலாம், உள்ளே போகவும் வாய்ப்பு உண்டு. நிதானமில்லாமல் கால் போன போக்கில் நடப்பவர், புறப்பட்ட இடத்திலிருந்து 100 எட்டு தூரம் தள்ளிப் போய்ச் சேர 100 எட்டு வைத்தால் போதாது, சராசரியாக 10,000 எட்டு வைக்க வேண்டும். தூரம் இருமடங்கானால் எட்டுகள் நான்கு மடங்காகும். இந்த வர்க்கம்தான் ஆட்டத்தையே மாற்றுகிறது.

சரி, ஒரு எட்டு 1 சென்டிமீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். சூரியனின் ஆரம் 7,000 கோடி சென்டிமீட்டர். அதன் வர்க்கம், 49-க்குப் பின் 20 பூஜ்யங்கள். அத்தனை எட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர். மொத்தத்தையும் நீட்டிப் போட்டால் ஏறத்தாழ 5,000 ஒளியாண்டு நீளம். ஆக 5,000 வருடம். எட்டை 1 மில்லிமீட்டராகக் குறைத்தால் விடை 50,000 ஆகிவிடும். எட்டுகள் முப்பரிமாணத்தில் எல்லாப் பக்கமும் சிதறுவதால், வெளிநோக்கிய திசையில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும். அதையும் சேர்த்தால் ஒன்றரை லட்சம் வருடம் வந்து நிற்கும். 1992-இல் மித்தாலாஸ், சில்ஸ் என்ற இருவர், சூரியனின் உள்ளே அடுக்குக்கு அடுக்கு மாறும் அடர்த்தியை வைத்துக் கவனமாகக் கணக்கிட்டு 1.7 லட்சம் வருடம் என்றார்கள். மாணவி கேட்ட இரண்டு புத்தகங்களும் வேறுவேறு எட்டு நீளத்தை எடுத்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

எட்டுகள் எல்லாப் பக்கமும் போகின்றன என்றால் ஆற்றல் ஏன் வெளியே வருகிறது என்று அடுத்த கேள்வி வரும். மையத்துக்கும் மேற்பரப்புக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை 7 லட்சம் கிலோமீட்டரில் பங்கிட்டால், கிலோமீட்டருக்குச் சராசரியாக 20 டிகிரிதான் குறைகிறது. ஒரு மில்லிமீட்டர் எட்டின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு டிகிரியின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. அந்த அற்ப வித்தியாசத்தால், உள்ளே திரும்பும் ஒளியைவிட வெளியே வரும் ஒளி மயிரிழை அளவு அதிகம். நாம் பெறும் மொத்த வெயிலும் அந்த மயிரிழைதான்.

இனி நான் ஆமோதித்து வந்த பொய்க்கு வருகிறேன். "ஒரே ஃபோட்டான் அத்தனை வருடம் அலைந்து வெளியே வருகிறது" என்பது தவறு. மோதல்களில் பல வெறும் திசைமாற்றம். ஆனால் பலவற்றில் ஃபோட்டான் விழுங்கப்பட்டுவிடும், வேறு ஃபோட்டான்கள் பிறக்கும். மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஹீலியமாகும் இணைவில் புறப்படும் காமா கதிர் சிறிது தூரத்திலேயே எக்ஸ் கதிர்களாகச் சிதைகிறது. மேலே வர வர ஆற்றல் குறைந்து எண்ணிக்கை பெருகுகிறது. ஹீலியம் உருவாகும் வழியில் ஒரு கட்டத்தில் வெளிப்படும் 55 லட்சம் எலெக்ட்ரான்வோல்ட் காமா கதிர் ஒன்று, மேற்பரப்பை எட்டும்போது 40 லட்சம் சாதாரண ஃபோட்டான்களாகச் சில்லறையாகி இருக்கும். உங்கள் கண்ணில் படும் ஃபோட்டான், சூரியனின் மேற்பரப்பாக நமக்குத் தெரியும், சில நூறு கிலோமீட்டர் தடிமனே உள்ள ஒளிமண்டலத்தில் எட்டு நிமிடத்துக்கு முன் பிறந்தது. ஆற்றல்தான் பழசு, ஒளி புதுசு.

இந்த நடை கடைசிவரை நீடிப்பதும் இல்லை. ஆரத்தில் 70 சதவீதம் தாண்டியதும் வெப்பம் 20 லட்சம் டிகிரியாகக் குறைந்து, கனமான அணுக்கள் சில எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அவை ஒளியை இன்னும் மோசமாகத் தடுக்கும். அடைபட்ட வெப்பத்தால் வாயுவே கொதித்துப் புரண்டு மேலேறுகிறது. மீதி 2 லட்சம் கிலோமீட்டரை ஆற்றல் சில வாரங்களில் கடந்துவிடும். தாமதம் எல்லாம் உள்ளேதான்.

இன்னொரு மயக்கமும் உண்டு. "அப்போ மையம் இன்று அணைந்தால் லட்சம் வருடம் கழித்துத்தான் தெரியுமா?" என்பார்கள். அது இன்னும் தாமதமாகும். மையத்தில் இருக்கும் வெப்பத்தில் ஒளியாக இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு, மற்றதெல்லாம் துகள்களின் ஓட்டம். அந்தச் சேமிப்பு முழுவதும், சுருங்குவதால் கிடைக்கும் ஆற்றலும் சேர்ந்து, சூரியனை இப்போதைய பிரகாசத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓட்டிவிடும். லட்சம் என்பது ஒளியின் நடைக் கணக்கு. வெப்பத்தின் கணக்கு வேறு.

அப்படியென்றால் மையம் இப்போது எரிகிறதா என்று எப்படித்தான் தெரியும்? நியூட்ரினோவைக் கேட்க வேண்டும். இணைவில் பிறக்கும் இந்தத் துகள் எதிலும் மோதாமல் இரண்டு வினாடி சொச்சத்தில் சூரியனை விட்டு வெளியேறிவிடும். 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் ரே டேவிஸ் என்ற விஞ்ஞானி எண்ணிப் பார்த்தபோது, எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. மையம் இப்போது தணிந்திருக்கிறது, அந்தச் சேதி மேற்பரப்புக்கு இன்னும் வரவில்லை என்றுகூடச் சிலர் விளக்கம் சொன்னார்கள். பின்னால் கனடாவில் சட்பரி சோதனை, நியூட்ரினோக்கள் வழியில் டேவிஸின் கருவிக்குப் பிடிபடாத வகைகளாக மாறுவதால்தான் எண்ணிக்கை குறைந்தது என்று காட்டியது. 2014-இல் இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியிலிருந்த போரெக்சினோ கருவி, ஹைட்ரஜன் இணைவின் முதல் படியில் பிறக்கும் நியூட்ரினோக்களையே நேரடியாக அளந்தது. மையம் எட்டு நிமிடத்துக்கு முன் உற்பத்தி செய்த ஆற்றலும், அதே நேரம் மேற்பரப்பிலிருந்து கிளம்பிய வெளிச்சமும், கருவியின் பத்து சதவீதப் பிழைக்குள், ஒத்துப்போயின.