ரெப்போ ஏறினால் ரூபாய் ஏறும் என்று நம்பி ஃபார்வர்டு போடாதீர்கள்

ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கை முடிவு வெளியாகும் நாளில் காலை பதினொரு மணிக்குள் என் போன் சூடாகிவிடும். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவர்களுக்கு அந்நியச் செலாவணி ஆலோசனை சொல்வது என் தொழில். வட்டி ஏறிய நாள் என்றால் கேள்வி ஒன்றேதான்: "ரெப்போ ஏத்திட்டாங்கண்ணா, ரூபா ஸ்ட்ராங் ஆயிரும்ல? எல்லாத்தையும் புக் பண்ணிரலாமா?" போன வாரமும் ஒருவர் பழைய கணக்குப் புத்தகத்தோடு வந்து, இதே நம்பிக்கையில் விட்ட பணத்தைக் காட்டினார். பலருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

அவர் கதை 2022 ஜூனில் தொடங்குகிறது. மே 4 அன்று, வழக்கமான கூட்ட நாளுக்குக் காத்திராமல் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கியது. ஜூன் 8 அன்று 4.90. வட்டி தொடர்ந்து ஏறப் போகிறது, டாலர் 75-க்கு வந்துவிடும் என்று முடிவு கட்டிக்கொண்டு, ஆறு மாதத்துக்கு 3 லட்சம் டாலரை ஃபார்வர்டில், அதாவது பின்னால் தரப்போகும் டாலருக்கு அன்றே விலை பேசி, விற்றுவிட்டார். அன்றைய விலையான ஸ்பாட் 77.70, அதற்கு மேல் ஆறு மாதத்துக்குக் கிடைக்கும் பிரீமியம் ஒரு ரூபாய் பத்துக் காசு, ஆக 78.80. கையில் உறுதியான ஆர்டர் 1.80 லட்சம் டாலருக்குத்தான் இருந்தது. மீதி 1.20 லட்சம் "பையர் எப்படியும் கொடுப்பார்" என்ற கணக்கில் போட்டது.

டிசம்பரில் டாலர் 82.50. அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளில் சரக்கு தேங்கியதால் பையர் புது ஆர்டரே தரவில்லை. ஷிப்மென்ட் இல்லாத 1.20 லட்சம் டாலர் ஃபார்வர்டைக் கேன்சல் செய்ய வேண்டியதாயிற்று. 78.80-க்கு விற்ற டாலரை 82.50-க்குத் திருப்பி வாங்கிக் கொடுத்த கணக்கு. டாலருக்கு 3.70 வீதம் 4.44 லட்சம் ரூபாய், வங்கிக் கட்டணம் தனி. ஒரு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். உறுதியான 1.80 லட்சம் டாலருக்கு 82.50 கிடைக்காமல் 78.80 கிடைத்தது நஷ்டமே அல்ல. அந்த விலையை வைத்துத்தான் காஸ்டிங் போட்டிருந்தார், லாபம் வந்தது. ஆர்டர் இல்லாத டாலரை விற்றதுதான் நஷ்டம். அதைச் செய்யவைத்தது ரெப்போவைப் பற்றிய ஒரு தப்பான எண்ணம்.

அந்த எண்ணத்தை மெதுவாகப் பிரித்துச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். வட்டி ஏறினால் நாணயம் வலுக்கும், ஏற்றுமதி குறையும், இறக்குமதி கூடும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். தப்பில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் "வெளிநாட்டு வட்டி அப்படியே இருந்தால்" என்ற நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பணம் வைத்திருப்பவர் இந்தியாவின் வட்டியை மட்டும் பார்த்து வருவதில்லை. டாலரில் வைத்தால் என்ன கிடைக்கும், ரூபாயில் வைத்தால் என்ன கிடைக்கும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அவரை நகர்த்துவது வட்டி இல்லை, வட்டி இடைவெளி.

2022 தொடக்கத்தில் நம் ரெப்போ 4 சதவீதம். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி உச்ச வரம்பு 0.25. இடைவெளி 3.75. அடுத்த ஒன்றரை ஆண்டில் நாம் 6.50 வரை ஏற்றினோம், இரண்டரை சதவீதம். அமெரிக்கா 2023 ஜூலைக்குள் 5.50-க்குப் போனது, ஐந்தேகால் சதவீதம். இடைவெளி 1 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. நாம் வட்டியை ஏற்றிக்கொண்டே இருந்த அந்தக் காலம் முழுக்க, ரூபாயில் பணம் வைப்பதன் கூடுதல் லாபம் குறைந்துகொண்டே வந்தது. வட்டி ஏற்றம் என்று செய்தியில் வந்ததை அவர் படித்தார். இடைவெளி இறங்கியதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மே 4-ஆம் தேதி திடீர் ஏற்றத்துக்கு ஐந்து நாள் கழித்து, மே 9 அன்று ரூபாய் அதுவரை காணாத அடிமட்டத்தைத் தொட்டது. அக்டோபரில் முதல்முறையாக 83-ஐத் தாண்டியது.

இடைவெளி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. உக்ரைன் போருக்குப் பிறகு கச்சா எண்ணெய் 100 டாலருக்கு மேல் போனதும் சேர்ந்து அழுத்தியது. ரிசர்வ் வங்கி கையிருப்பு டாலரை விற்று வீழ்ச்சியின் வேகத்தைக் குறைக்கவும் செய்தது. ஆனால் ரெப்போவை மட்டும் பார்த்தவர் திசையையே தலைகீழாகப் பிடித்தார் என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த இடைவெளியைத் தெரிந்துகொள்ள பொருளாதாரம் படிக்க வேண்டாம். உங்கள் வங்கி சொல்லும் ஃபார்வர்டு பிரீமியத்தில் அது அப்படியே இருக்கிறது. 2022 தொடக்கத்தில் ஓராண்டு பிரீமியம் 4 சதவீதத்துக்கு மேல். ஆண்டு முடிவில் 2 சதவீதத்தை ஒட்டி. ஸ்பாட் 75-ல் ஆண்டுக்கு 4 சதவீதம் என்றால் ஆறு மாதத்துக்கு 1.50 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். 82-ல் 2 சதவீதம் என்றால் 82 காசுதான். 2 லட்சம் டாலர் ஆர்டரில் 3 லட்சம் ரூபாய் வந்த இடத்தில் 1.64 லட்சம். பிரீமியம் மாதாமாதம் தேய்கிறது என்றால் இடைவெளி சுருங்குகிறது என்று பொருள். இன்னொன்று. ஃபார்வர்டு விலை வங்கியின் ஜோசியம் அல்ல. "ஆறு மாசத்துல 78.80 ஆகும்னு பேங்க்லயே சொல்றாங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது இரண்டு நாட்டு வட்டிக் கணக்கு, அவ்வளவுதான்.

சரி, வட்டியால் ரூபாய் வலுப்பது உண்மையாகவே நடந்த காலம் எது? 2007. அப்போது தொழிலில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ரெப்போ மார்ச் கடைசியில் 7.75-க்கு ஏறி அங்கேயே நின்றது. அமெரிக்காவோ செப்டம்பரில் 5.25-லிருந்து குறைக்கத் தொடங்கியது. இடைவெளி இரண்டு பக்கமும் விரிந்தது. பங்குச்சந்தைக்கு வெளிநாட்டுப் பணம் கொட்டியது. நம் நிறுவனங்களும் குறைந்த வட்டிக்கு வெளிநாட்டில் கடன் வாங்கி டாலரை உள்ளே கொண்டுவந்தன. அது அளவு மீறியதால் ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அந்தக் கடனுக்குக் கட்டுப்பாடு போட வேண்டி வந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 44-க்கு மேல் இருந்த டாலர் முடிவில் 40-க்குக் கீழே.

ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக் கணக்குப் போடுவோம். பையர் விலை 2.50 டாலர். 44-ல் 110 ரூபாய். நூல், நிட்டிங், சாயம், தையல், பேக்கிங் எல்லாம் சேர்த்து அடக்கம் 103 என்றால் 7 ரூபாய் லாபம். 39.50-ல் அதே 2.50 டாலர் 98.75 ரூபாய். அடக்கம் 103-ஐ விட்டு இறங்காது, ஏனென்றால் நூலும் கூலியும் ரூபாயில். துண்டுக்கு 4.25 நஷ்டம். வெளிநாட்டுக் கச்சாப் பொருளை வாங்கிப் பதப்படுத்தி விற்கும் தொழிலில் அடக்கமும் கூடவே இறங்கி ஓரளவு தாங்கும். பனியன் தொழிலுக்கு அந்தத் தாங்கல் மிகவும் குறைவு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ரூபாய் வலுத்த அன்றே ஏற்றுமதி விழாது. பில் டாலரில் இருப்பதால் பையருக்கு விலை மாறவே இல்லை, அவர் ஆர்டரைக் குறைக்கக் காரணமும் இல்லை. முதல் சீசனில் அடி முழுக்க உங்கள் லாபத்தில்தான் விழும். அடுத்த சீசனுக்கு நீங்கள் 2.75 கேட்பீர்கள், பையர் பங்களாதேஷுக்குப் போவார். அப்போதுதான் ஏற்றுமதி எண்ணிக்கை குறையும். இறக்குமதிப் பக்கம் வேகமாக நகரும், வெளிநாட்டுச் சரக்கின் ரூபாய் விலை உடனே இறங்குவதால். "ஏற்றுமதி குறையவே இல்லையே, எங்கே பாதிப்பு?" என்று யாராவது புள்ளிவிவரம் காட்டினால், பாதிப்பு உங்கள் லாபக் கணக்கில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

ரூபாய் இன்னும் வலுக்கும் என்ற பயத்தில் 2007-ல் இங்கே பலர் சுவிஸ் ஃபிராங்க், யென் சம்பந்தப்பட்ட டெரிவேட்டிவ்களில் கையெழுத்துப் போட்டார்கள். டாலரில் பில் போடுபவருக்கு ஃபிராங்கில் என்ன வேலை? 2008 மார்ச்சில் ஒரு டாலருக்கு ஒரு ஃபிராங்க் கூடக் கிடைக்காத நிலை வந்தபோது எத்தனையோ குடும்பங்கள் கோர்ட்டு வாசலில் நின்றன. டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 2011-ல் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. போன பணம் அதனால் திரும்பி வந்துவிடவில்லை.

டாலரை மட்டும் பார்ப்பதும் பாதிக் கண்ணை மூடிக்கொள்வதுதான். அதே 2022-ல் செப்டம்பர் வரை ரூபாய் டாலருக்கு எதிராக விழுந்தது, யூரோவுக்கு எதிராக வலுத்தது. ஆண்டுத் தொடக்கத்தில் 84-ஐ ஒட்டி இருந்த யூரோ செப்டம்பரில் 80-க்குக் கீழே. யூரோவில் பில் போட்டவருக்கு அது ரூபாய் வலுத்த காலம். பங்களாதேஷ் நாணயமான டாக்காவோ ஆண்டுத் தொடக்கத்தில் டாலருக்கு 86-ஆக இருந்தது, அக்டோபருக்குள் 100-ஐத் தாண்டிவிட்டது. நம் ரூபாயைவிட அதிகமாகவே விழுந்தது. ஆகவே "டாலர் 82 ஆயிருச்சு, நமக்கு ஆர்டர் கொட்டும்" என்ற எதிர்பார்ப்பும் அந்த ஆண்டு பலிக்கவில்லை.

இனி என்ன செய்வது? உறுதியான பர்ச்சேஸ் ஆர்டர் கையில் இல்லாமல் ஒரு டாலர்கூட ஃபார்வர்டு போடாதீர்கள். அனுபவக் கணக்கைக் காட்டி ஆர்டர் இல்லாமலே புக் செய்யும் வசதி வங்கியில் இருக்கலாம், இருந்தாலும் வேண்டாம். ஆர்டர் உறுதியாகும் அன்று, காஸ்டிங் போட்ட விலைக்கு மேல் கிடைத்தால், அந்த ஆர்டரின் பெரும்பகுதியை மூடிவிடுங்கள். வட்டி முடிவு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். எல்லோரும் எதிர்பார்த்த முடிவு முன்பே விலையில் ஏறியிருக்கும், எதிர்பாராத முடிவை நீங்களும் நானும் கணிக்க முடியாது. வங்கியிடம் விலை கேட்கும்போது ஸ்பாட் எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு, அவர்கள் மார்ஜின் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முடிவு நாளில் எனக்குப் போன் செய்வதற்கு முன் மூன்று எண்களை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்: ரெப்போ, அமெரிக்க வட்டி, ஆறு மாத பிரீமியம். அதன் கீழே போன மாதம் இந்த மூன்றும் எவ்வளவு இருந்தன என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாள் இருந்தால் பத்து நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம்.