நாக்கில் கோளாறு இல்லை, மூக்கைப் பாருங்கள்

"நாக்கு செத்துப்போச்சு டாக்டர்." டர்பனில் காது மூக்கு தொண்டை மருத்துவம் பார்க்கும் எனக்கு, குளிர்காலம் முடிந்ததும் இந்தப் பேச்சு ஓயாது. அண்மையில் சாட்ஸ்வொர்த்திலிருந்து மகளோடு வந்த ஓர் அம்மாவும் இதையேதான் சொன்னார். சளிக்காய்ச்சல் விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நாக்கை வழித்து வழித்துப் புண்ணாக்கியிருந்தார். சத்து மாத்திரை, வாய் கொப்பளிக்கும் மருந்து எல்லாம் பார்த்தாயிற்று. ருசி தெரியவில்லை என்று குழம்பில் உப்பைக் கூட்டிக்கொண்டே போனதில், வீட்டுக்காரரின் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது.

மூக்கு எப்படி என்றேன். "நல்லாத்தான் இருக்கு. கற்பூரம் தெரியுது, மிளகாய் நெடி தெரியுது."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன். கற்பூரத்தின் சில்லிப்பு, மிளகாய் நெடி, தைலத்தின் எரிச்சல் ஆகியவற்றை நமக்குச் சொல்வது மண நரம்பு அல்ல. முகத்தில் வலி, சூடு, குளிர் உணர்த்தும் முப்பிரிவு நரம்பு மூக்கிலும் வாயிலும் பரவியிருக்கிறது, அதுதான் சொல்கிறது. மண நரம்பு அடியோடு போனாலும் அது வேலை செய்யும். காரமாகச் சாப்பிடும் நம் வீடுகளில் மணம் போனதே மாதக்கணக்கில் தெரியாமல் இருப்பது இதனால்தான். தைலப் புட்டியை முகர்ந்துவிட்டு, 'தெரியுது' என்று திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். காப்பித்தூளை முகருங்கள்.

அந்த அம்மாவை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மாம்பழ மிட்டாயைச் சப்பச் சொன்னேன். "இனிக்குது, கொஞ்சம் புளிக்குது" என்றார். சரி, நாக்கு பிழைத்தது. இப்போது மூக்கை விடுங்கள் என்றேன். மூச்சு வெளியேறும்போது மாம்பழ வாசனை குப்பென்று எழ வேண்டும். அவருக்கு எதுவும் எழவில்லை.

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, மாமிசச் சாறு போன்ற உமாமி, அவ்வளவே. மாம்பழத்தை மாம்பழமாகவும் சீரகத்தைச் சீரகமாகவும் ஆக்குவது, மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. மூக்கின் உச்சியில் உள்ள சிறு சவ்வு அதைப் பிடிக்கிறது. சளி வைரஸ் கெடுத்தது அந்தச் சவ்வை.

அப்புறம் மகள் சொன்னார்: "விளக்கு ஏத்திட்டு அழறாங்க டாக்டர். வயசானா இப்படித்தான்னு எல்லாரும் சொல்றாங்க." அந்த அம்மா குறுக்கிட்டார்: "சாம்பிராணி போட்டாலும் வீடு வீடா இல்லம்மா."

இது வயதுக் கோளாறு இல்லை. நாக்கின் செய்தி மூளைத்தண்டுக்குப் போய், தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்று, அதன்பின்தான் மூளையின் புறணிக்குப் போகிறது. கண்ணுக்கும் காதுக்கும் கூட தலாமஸ்தான் வழி. மணத்துக்கு அந்த நிறுத்தம் இல்லை. மூக்கின் கூரைக்கு மேலே இருக்கும் மணக்குமிழிலிருந்து ஒரு கிளை நேராக அச்சமும் ஆசையும் எழும் அமிக்டலாவுக்குப் போகிறது. இன்னொன்று, நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸின் வாசலுக்கு. அதனால்தான் என்ன வாசனை என்று பெயர் வாயில் வருமுன்னே நெஞ்சு அடைக்கிறது. மணம் கிளப்பும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு முந்தியவை. அவை மற்ற நினைவுகளைவிடத் துல்லியமானவை அல்ல, உணர்ச்சி மிகுந்தவை. சாம்பிராணியோடு வந்துகொண்டிருந்த தாய்வீடு அந்த அம்மாவுக்கு வராமல் நின்றுவிட்டது. அழாமல் என்ன செய்வார்? மணம் இழந்தவர்களிடம் மனச்சோர்வு அடிக்கடி வருகிறது. தயவுசெய்து கேலி செய்யாதீர்கள்.

மருத்துவமாக நான் கொடுத்தது மணப் பயிற்சி. ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் குழுவினர் 2009ல் வெளியிட்ட முறை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கின் எண்ணெய்களைப் புட்டியில் வைத்து, காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சுமார் 10 விநாடி, அது எப்படி மணத்தது என்று நினைத்துக்கொண்டு முகர வேண்டும். குறைந்தது 12 வாரம். எல்லோருக்கும் திரும்புவதில்லை. திரும்பும் வழியில் காப்பியும் வெங்காயமும் கருகல் நாற்றம் அடிக்கலாம், பயந்து நிறுத்தாதீர்கள். எந்த எண்ணெயையும் மூக்கில் ஊற்றாதீர்கள்.

மணம் திரும்பும்வரை உப்பை வேறொருவர் பார்த்துப் போடட்டும். மீந்த கறிக்குப் பெட்டியில் தேதி எழுதுங்கள். மின்வெட்டுக்காலத்தில் வாங்கிய கேஸ் அடுப்பு இருக்கிறதா? கசிந்தால் தெரியத்தான் அதில் நாற்றம் கலக்கிறார்கள். உங்களுக்கு அது தெரியாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கசிவு காட்டும் கருவியைத் தாழ்வாக மாட்டுங்கள்.

தலையில் அடிபட்டபின் மணம் போனாலும், ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து ரத்தம் வந்தாலும், சளியே பிடிக்காமல் மணம் மெல்ல மெல்லக் குறைந்து கையும் நடுங்கினாலும் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்காதீர்கள். அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.